மகனின் போனும் அம்மாவின் வங்கிக் கணக்கும்: இணையச் சூது பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மகன் எந்நேரமும் போனில் கேம்தான். அது சும்மா கேமா, காசு வைக்கும் கேமா என்று எப்படித் தெரியும்?

படத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். சூதுக் கேம்களும் சின்னப் பிள்ளைகளின் கேம் மாதிரியே வண்ணமாக இருக்கின்றன. குட்டி விமானம் பறக்கும், பந்து உருளும், பச்சையும் சிவப்பும் மாறி மாறி வரும். ஆகவே படத்தை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள்.

சண்டைக் கேம் ஆடுகிறவனின் இரண்டு பெருவிரலும் ஓயாது. ஒரு ஆட்டம் பத்து இருபது நிமிடம் போகும், காதில் ஹெட்செட் மாட்டி நண்பர்களோடு கத்துவான், நீங்கள் பின்னால் வந்து நின்றாலும் கவலைப்பட மாட்டான். காசு வைக்கிறவன் ஒரு தட்டுத் தட்டுவான், மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான், மறுபடி ஒரு தட்டு. அரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். பெரும்பாலும் சத்தத்தை நிறுத்தியிருப்பான். ஆள் அரவம் கேட்டால் திரையை மாற்றுவான். திரையின் மேல் மூலையில் ஏறி இறங்கும் ஒரு இலக்கம் இருந்தால் அது புள்ளி அல்ல, மீதிப் பணம்.

பையன்களிடம் புழங்குவதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: விமானம் பறக்கும் கேம், நிறத்தை ஊகிக்கும் கேம், கிரிக்கெட் பெட்டிங். கிரிக்கெட்டை வீட்டில் ஓரளவு கண்டுபிடிக்கலாம். மெச் பார்க்கிற பையன் திடீரென்று இரு அணியிலும் பற்றில்லாமல், ஒரு ஓவரில் எத்தனை ரன் என்பதற்கு மட்டும் துடிப்பான். மற்ற இரண்டும் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கும் கடைகள். அதனால்தான் அவற்றை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விமானக் கேமில் பக்கத்து வீட்டுப் பையன் வென்றானாம். அதில் உண்மையில் வெல்ல முடியுமா?

ஒரு நாள் வெல்ல முடியும், அதுதான் பொறி. `Aviator` என்பது 2019இல் ஸ்ப்ரைப் என்ற நிறுவனம் வெளியிட்டது. பின்னர் அதைப் பார்த்துச் செய்த போலிகள் ஏராளம். விமானம் கிளம்பும்போது பெருக்கம் `1.00x`இல் தொடங்கி ஏறும். அது பறந்து மறைவதற்குள் பையன் தட்டி எடுத்தால், வைத்த காசு அந்தப் பெருக்கத்தில் கிடைக்கும். தட்டுவதற்குள் மறைந்தால் வைத்தது போச்சு. சில சுற்றில் கிளம்பியவுடனேயே மறையும்.

அசல் கேமின் திருப்பிக் கொடுக்கும் வீதம் 97% என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்திருக்கிறார்கள். கேட்க நல்லதாக இருக்கும், நூற்றுக்கு மூன்று ரூபாதானே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று ரூபா நாளுக்கு ஒருமுறை போவதல்ல, ஒவ்வொரு தட்டலுக்கும் போவது. நிமிடத்துக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு 100 ரூபா என்றால் ஒரு மணித்தியாலத்தில் அவன் 18,000 ரூபா வைத்துவிடுகிறான். அதில் மூன்று வீதம் 540 ரூபா. கையில் இருந்தது 1,000 ரூபாதான் என்றாலும் அதே காசு சுற்றிச் சுற்றிப் போய் வருவதால் இந்தக் கணக்கு நடக்கும். இரண்டு மணித்தியாலத்தில் ஆயிரம் கரைந்துபோவதற்கு அதிர்ஷ்டக்கேடு தேவையில்லை, சராசரியே போதும்.

நிறக் கேமில் இழப்பு இன்னும் கூட. வழக்கமான அமைப்பு இதுதான்: 0 முதல் 9 வரை ஒரு இலக்கம் விழும். ஒற்றை என்றால் பச்சை, இரட்டை என்றால் சிவப்பு. 100 ரூபா வைத்தால் 2 ரூபாவைக் கட்டணமாக முதலிலேயே கழித்துக்கொள்வார்கள். நிறம் சரியாக வந்தால் மீதிக்கு இரண்டு மடங்கு, ஆனால் 0 அல்லது 5 விழுந்தால் ஒன்றரை மடங்குதான். கூட்டிப் பார்த்தால் நூறுக்குச் சராசரியாக 93 ரூபாதான் திரும்பும். இதுவும் இலக்கம் நேர்மையாக விழுந்தால்தான். இந்த அப்களுக்கு முகவரியோ கணக்காய்வோ கிடையாது. எந்த நிறத்தில் அதிகம் காசு விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்ற நிறத்தைக் காட்டுவதை யாரும் தடுக்க முடியாது.

தோற்றால் அடுத்த தடவை இரட்டிப்பாக வைத்தால் எப்படியும் வரும் என்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், அவன் சொல்வது சரிதானா?

கணக்கில் கெட்டிக்காரப் பையன்கள்தான் இதில் வசமாக விழுகிறார்கள், ஏனென்றால் இது கணக்கு மாதிரியே இருக்கிறது. 100 வைத்துத் தோற்றால் 200, பிறகு 400, 800. எப்போது வென்றாலும் இழந்தது எல்லாம் திரும்பி, மேலே 100 ரூபா மிஞ்சும். உண்மைதான், தொடர்ந்து வைக்கக் காசு இருக்கும்வரை.

அவனோடு உட்கார்ந்து இதைத் தாளில் போட்டுக் காட்டலாம். விமானக் கேமில் `2.00x`க்கு எடுப்பது என்று வைத்துக்கொண்டால், வெல்லும் வாய்ப்பு பாதி அல்ல, 100இல் 48.5. தோற்பது 51.5. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போகும் காசு 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400 எனக் கூட்டினால் 12,700 ரூபா. எட்டாவது தடவைக்கு 12,800 வேண்டும், அந்தக் காசு வீட்டில் யாருக்கும் இருக்காது. 100இல் தொடங்கி, வெல்லும்வரை அல்லது ஏழு தடவை தோற்கும்வரை வைப்பதை ஒரு தொடர் என்று எடுத்தால், தொடர்ந்து ஏழு தோல்வி என்பது 104 தொடரில் ஒருமுறை வரும். அதாவது 103 தொடரில் வென்று 10,300 ரூபா சேர்ப்பான், 104ஆவதில் 12,700 போகும். ஒரு தொடர் சராசரியாக இரண்டு சுற்றில் முடிவதால், நிமிடத்துக்கு மூன்று சுற்று வேகத்தில் இந்த 104 தொடரும் ஏறத்தாழ 70 நிமிடத்தில் வந்துவிடும்.

இந்த முறையில் ஆடுகிறவன் மணித்தியாலக் கணக்கில் வென்றுகொண்டே இருப்பதாக உணர்வான். பிறகு ஐந்து நிமிடத்தில் எல்லாம் போகும். வீட்டில் நீங்கள் காணும் மனநிலையும் அப்படித்தான்: பல நாள் நல்ல சந்தோசம், ஒரு இரவில் முகம் செத்துப்போகும்.

மகனுக்கு 16 வயது. வங்கிக் கணக்கே இல்லை. பிறகு எப்படிக் காசு போகிறது?

உங்கள் கணக்கால் போகிறது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் தகப்பன் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார், காசு தாயின் கணக்குக்கு வரும். தாய்க்கு வங்கி அப் சரிவராது, அதை மகனின் போனில்தான் போட்டிருப்பார்கள். கரண்ட் பில், தண்ணீர் பில், ரீலோட் எல்லாம் அவன்தான் கட்டுவான். ரகசியக் குறியீடு அவனுக்குத் தெரியும், வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸும் அவன் போனுக்கே வரும். அவன் திருட வேண்டிய அவசியமே இல்லை, சாவியை வீட்டார்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பினுள் காசு ஏற்ற அவன் ஒரு ஏஜெண்டைப் பிடிப்பான். வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ இருக்கும் அந்த ஆள் ஒரு கணக்கு இலக்கத்தைத் தருவான். பையன் அதற்கு அனுப்பி ஸ்கிரீன்சொட் போட்டால், சில நிமிடத்தில் அப்பில் மீதி ஏறும். அந்தக் கணக்கு ஒரு கம்பனியின் பெயரில் இராது, யாரோ தனி மனிதரின் பெயரில் இருக்கும், அடிக்கடி மாறும். ஒரே கணக்கில் கண்டபடி சின்னச் சின்ன வரவு விழுந்தால் வங்கி சந்தேகப்படும் என்பதால்தான் மாற்றுகிறார்கள். ஈஸி கேஷ், எம்கேஷ் போன்ற போன் பணமும் இதே வழியில் போகும். அதுவும் இல்லாதவன் கொமினிகேசன் கடையில் கையில் காசைக் கொடுத்து இன்னொருவரின் கணக்கால் போடச் சொல்வான், அல்லது ரியூசன் வகுப்பில் மூத்த பையன் ஒருவன் எல்லோருக்குமாகப் போட்டுக்கொடுப்பான்.

எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரிகிறது. முதலில் தெரியும் அடையாளம் எது?

காசு குறைவதல்ல, காசு கூடுவது. பெற்றோர் தவறவிடும் இடம் இதுதான். நகை காணாமல் போவது, ரியூசன் காசு கட்டாமல் விடுவது, பொய் சொல்லிக் கடன் வாங்குவது எல்லாம் மூன்றாம் நான்காம் மாதத்து அடையாளங்கள். முதல் மாதத்தில் பையன் தாராளமாக இருப்பான். தம்பிக்குக் கொத்து வாங்கி வருவான், நண்பனின் பைக்குக்குப் பெற்றோல் அடிப்பான், புது ஹெட்செட் வரும், அம்மாவுக்கே ஐந்நூறு கொடுப்பான். எங்கால காசு என்றால் நண்பன் தந்தான், டொப் அப் போட்டுக்கொடுத்தேன், கேம் ஐடி வித்தேன் என்பான். கேம் ஐடி விற்பது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் யாருக்கு, எவ்வளவுக்கு, காசு எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவான். பதில் நீண்டுகொண்டே போனால் யோசியுங்கள்.

அடுத்தது நேரம். படிப்பில் கவனமில்லை, நித்திரை இல்லை என்பவை பதின்ம வயதில் நூறு காரணத்துக்கு வரும், அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் மனநிலை கணக்கில் காசு இருப்பதோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது வேறு. வாப்பாவின் காசு வந்த அன்று இரவு முழுக்க விழித்திருக்கிறான், கணக்கு வற்றிய பிறகு நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிறான் என்றால் கலண்டரில் குறித்துப் பாருங்கள், இரண்டு மாதத்தில் கோலம் தெரியும். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு வீட்டில் இருக்கும் மாசி பங்குனி, ஐபிஎல் நடக்கும் பங்குனி முதல் வைகாசி வரை, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள் ஆகியவற்றில் கூடுதலாகக் கவனியுங்கள்.

மூன்றாவது, பேச்சு. ஆயிரம் ரூபாவை ஒரு காசாகவே மதிக்காத பேச்சு வரும். ஒரு நாள் கூலிக்கு வயலில் நிற்கும் தகப்பனைப் பார்த்து, இதை நான் அரை மணித்தியாலத்தில் எடுப்பேன் என்று வாயில் வந்துவிடும். கோபப்பட்டு விட்டுவிடாமல், எப்படி என்று கேளுங்கள்.

வங்கிக் கணக்கின் அறிக்கையை எடுத்தேன். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

தொகையைவிடக் கோலத்தைப் பாருங்கள். கற்பனையாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். களுவாஞ்சிக்குடியில் ஒரு தாய், 5ஆம் திகதி கட்டாரிலிருந்து 85,000 ரூபா வந்திருக்கிறது. அதன் பிறகு அறிக்கை இப்படி:

7ஆம் திகதி மாலை 500 போயிருக்கிறது. 8ஆம் திகதி இன்னொரு 500. 9ஆம் திகதி 1,850 வந்திருக்கிறது. 11ஆம் திகதி இரவு 1,000 போயிருக்கிறது. 13ஆம் திகதி 3,200 வந்திருக்கிறது. 15ஆம் திகதி இரவு 11.38க்கு 1,000, 11.44க்கு 2,000, 11.51க்கு 4,000, நள்ளிரவு தாண்டி 12.03க்கு 8,000. 16ஆம் திகதி விடியற்காலை 6.15க்கு 5,000.

முதல் வாரத்தில் போனது எல்லாம் முழுத்தொகை, வந்தது உடைந்த தொகை. கடையில் சாமான் வாங்கினால் 1,340, 785 என்று உடைந்த தொகைதான் போகும். சூதுக்குப் போவது 500, 1,000 என்று முழுதாகப் போகும், வென்று எடுப்பதோ 1,850 மாதிரி வரும். தாய் இந்த வாரத்தில் பார்த்திருந்தால் 2,000 போய் 5,050 வந்திருக்கிறது, மகன் நட்டப்படவே இல்லை. நகை அடகுக்குப் போகாமல் தடுக்கக்கூடிய வாரமும் இதுதான்.

15ஆம் திகதி இரவு நடந்தது மேலே சொன்ன இரட்டிப்பு. சில நிமிட இடைவெளியில் தொகை இரண்டு மடங்காகிக்கொண்டே போனால் அதற்கு வேறு விளக்கம் கிடையாது. பொருள் வாங்குகிற எவரும் நள்ளிரவில் அப்படி அனுப்புவதில்லை. விடியற்காலை 5,000 என்பது நித்திரை கொள்ளாமல் கிடந்து, விட்டதைப் பிடிக்கப் போனது. மொத்தம் 22,000 போய் 5,050 வந்திருக்கிறது. இழப்பு 16,950 ரூபா, அது முழுவதும் வந்தது ஏழு மணித்தியாலத்துக்குள்.

பெறுநர்களின் பெயரையும் பாருங்கள். எட்டுத் தடவை அனுப்பியதில் நான்கைந்து வெவ்வேறு ஆட்கள், ஒருவரையும் உங்களுக்குத் தெரியாது, வங்கிகளும் வேறு வேறு என்றால் அது ஏஜெண்ட் கணக்கு. குறிப்புப் பகுதியில் ரியூசன் என்றோ கடன் என்றோ எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள், எதை எழுத வேண்டும் என்று ஏஜெண்டே சொல்லிக்கொடுப்பான்.

அறிக்கையை மகனின் போனில் பார்க்காமல் கிளையில் கேட்டு அச்சில் வாங்குங்கள். அதே நாளில் மூன்று காரியம் செய்துகொள்ளலாம்: எஸ்எம்எஸ் வரும் இலக்கத்தை உங்கள் போனுக்கு மாற்றுவது, ஒரு நாளில் அனுப்பக்கூடிய உச்சத் தொகையைக் குறைப்பது, மகனின் போனில் உள்ள அப் பதிவை நீக்குவது. போனில் அப்பை அழிப்பதால் மட்டும் பயனில்லை, திரும்ப இறக்கி உள்ளே போய்விடலாம். பதிவை வங்கிதான் நீக்க வேண்டும்.

போனிலேயே பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?

உண்டு, ஆனால் ஒளித்துப் பார்க்காமல் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒளித்துப் பார்த்தது தெரிந்தால் அடுத்த நாள் எல்லாம் இன்னொரு நண்பனின் போனுக்குப் போய்விடும்.

நிறக் கேம் அப்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோரில் இருப்பதில்லை. டெலிகிராமிலோ வட்ஸ்அப்பிலோ வரும் லிங்கைத் தட்டி நேரே இறக்குவார்கள். அன்ட்ரொயிட் போனில் அதற்கு ஒரு அனுமதி கொடுக்க வேண்டும், அந்தத் தடயம் அப்பை அழித்த பிறகும் நிற்கும். போன்களுக்கிடையில் சிறு மாற்றம் இருந்தாலும் வழி இதுதான்:

```
Settings > Apps > Special app access > Install unknown apps
```

அங்கே Chrome, Telegram, WhatsApp போன்றவற்றின் கீழே `Allowed` என்றிருந்தால், வெளியிலிருந்து ஏதோ இறக்கியிருக்கிறான். அடுத்து `Downloads` கோப்புறையில் `.apk` என்று முடியும் கோப்பு உண்டா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சூது என்று முடிவல்ல, திருட்டுப் படம் பார்க்கும் அப்பாகவும் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

டெலிகிராமில் நிறத்தை முன்கூட்டியே சொல்வதாக நடக்கும் சனல்கள் இருந்தால் அது இன்னும் உறுதியான அடையாளம். அடுத்த நிறம் என்ன என்று தெரிந்தவன் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். அந்தச் சனல்காரனின் வருமானம் அவன் லிங்கால் சேர்ந்த பையன்கள் தோற்கும் காசில் வரும் பங்கு. இதைச் சொன்னால் அறிவுரையைவிடப் பையன்களுக்குச் சுடுகிறது.

அவன் ஃப்ரீ ஃபயர் மட்டும்தான் ஆடுகிறான். அதற்கும் பயப்பட வேண்டுமா?

சண்டைக்கு வேண்டாம், சுழற்றலுக்குக் கொஞ்சம் வேண்டும். கேமுக்குள் காசு மாதிரிப் புழங்கும் டயமண்டை வாங்கி, அதைக் கொடுத்துச் சக்கரம் சுழற்றி, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது சூதின் அதே உடலமைப்பு. இதைப் போன்ற பரிசுப் பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாகவே கணக்கிலெடுத்தது. ஒரே வித்தியாசம், இங்கே காசு திரும்பி வராது. அதனால் இழப்புக்கு ஓரளவு எல்லை உண்டு.

ஒரு உடுப்பைப் பிடித்து வாங்குகிறானா, சுழற்றுவதற்காகவே வாங்குகிறானா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் மாதத்துக்கு ஒரு தொகையை நீங்களே நிர்ணயித்து, `Play Store`இல் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

மகன் 40,000 வென்றிருக்கிறானாம். எடுப்பதற்கு முதலில் வரி 6,000 கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். அந்த 40,000 ஒரு இலக்கம் மட்டும்தான், காசு அல்ல. வரியோ கட்டணமோ உண்மையில் இருந்தால் வென்ற தொகையிலேயே கழிப்பார்கள். புதிதாகக் கட்டச் சொல்வது அடுத்த படி, அதைக் கட்டினால் கணக்கைச் சரிபார்க்கும் கட்டணம் என்று இன்னொன்று வரும். தொடக்கத்தில் 1,850 ஒழுங்காக வந்ததே என்று பையன் வாதாடுவான். வந்தது இதற்காகத்தான்.

நண்பன் ஒருவன் மகனிடம் வங்கிக் கணக்கு திறந்து தரச் சொல்கிறானாம். மாதம் காசு தருவார்களாம்.

இந்தப் பக்கத்தில் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய கேள்வி இது. மேலே சொன்ன ஏஜெண்டுக்கு மாறி மாறிக் கணக்கு வேண்டும், அதைப் பையன்களிடமும் அவர்களின் அண்ணன்மாரிடமும் தாய்மாரிடமும் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஏடிஎம் காட்டையும் சிம்மையும் கேட்பார்கள். அந்தக் கணக்கில் சூதுக் காசு மட்டும் விழாது, மோசடி செய்த காசும் விழலாம். ஏமாந்தவர் முறையிட்டால் பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்கின் பெயர்க்காரரின் வீட்டு வாசலுக்கு. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இருக்கிறது. சும்மா கணக்கு மட்டும்தான் கொடுத்தேன் என்பது நல்ல பதில் அல்ல.

ஏற்கெனவே கொடுத்துவிட்டால் அன்றே கிளைக்குப் போய் காட்டை நிறுத்தி, கணக்கை முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கல் தகவல்களை வட்ஸ்அப்பில் அழிக்க விடாதீர்கள்.

தெரிந்துவிட்டது. அடிப்பதா, போனைப் பறிப்பதா, எப்படிப் பேசுவது?

தோற்ற இரவிலே பேச வேண்டாம். அந்த நேரத்தில் அவன் மூளை முழுக்க விட்ட காசில் இருக்கும், எதைச் சொன்னாலும் பொய்தான் வரும். அடுத்த நாள் சாப்பிட்ட பிறகு, ஒரு ஆள் மட்டும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மாமா, பெரியப்பா, வட்டாரம் எல்லாம் கூடி விசாரணை வைத்தால் தொகையை மறைப்பான். மார்க்கம் பேசும் வீடுகளில் இது இன்னும் கூடும். ஹராம் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் மறைக்கிறான். அதைப் பேசுவதற்கு வேறு நாள் இருக்கிறது.

முதல் நாளில் மூன்று விடயம் தெரிந்தால் போதும்: இதுவரை எவ்வளவு போனது, யாரிடமெல்லாம் கடன், யாராவது மிரட்டுகிறார்களா. "மனே, இந்த எட்டாயிரம் ஆருக்குப் போனது? ஏசமாட்டன், சொல்லு" என்று ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் பதில் வரும். "நீ சூதாடுறியா?" என்றால் இல்லை என்றுதான் வரும். முதலில் சொல்லும் தொகை முழுத்தொகையாக இருப்பது அரிது. இரண்டு நாள் கழித்து, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று ஒருமுறை கேளுங்கள்.

போனைப் பறிப்பது வழியை அடைக்காது. அப் கணக்கு அவன் இலக்கத்தில் இருக்கிறது, எந்தப் போனிலும் திறக்கலாம். காசு போகும் வழியை அடைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகு போன் உங்கள் அறையில் சார்ஜில் கிடக்கட்டும் என்பது நடைமுறையில் நிற்கும். `BetBlocker` என்ற இலவச அப்பைப் போட்டால் தெரிந்த சூதுத் தளங்கள் பலவற்றைத் தடுக்கும். புதுப் பெயரில் தினமும் முளைக்கும் நிறக் கேம்களை அது முழுதாகப் பிடிக்காது.

கடனை நாங்கள் கட்டிவிடலாமா?

மகனின் கையில் காசைக் கொடுக்காதீர்கள். கடன்பட்டதைக் கட்டிவிடு என்று 20,000 கொடுத்தால், அதை வைத்து 40,000 ஆக்கிக் கட்டலாம் என்ற எண்ணம் வருவது அவன் கெட்டவன் என்பதால் அல்ல, அந்த நோயின் இயல்பு அதுதான். நண்பனுக்கோ கடைக்காரருக்கோ பட்டதை நீங்களே நேரில் போய்க் கட்டி, ஒரு கொப்பியில் எழுதி, அவன் மாதாமாதம் எவ்வளவு திருப்பித் தருவான் என்று பேசிவையுங்கள். 200 ரூபாவாக இருந்தாலும் பரவாயில்லை. ஏஜெண்ட் கடனாக ஏற்றிவிட்டேன் என்று மிரட்டினால் காசு அனுப்பாமல், செய்திகளை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அளவுக்கு இது வருத்தமா? எங்கே போவது?

நிறுத்தச் சொல்லியும் நிறுத்த முடியவில்லை, விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போகிறான், அதற்காகப் பொய் சொல்கிறான் என்றால் ஆம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்குத் தனி இடம் இருக்கிறது. சிகிச்சை பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சைதான், ஊசி மருந்து என்று பயப்பட வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அம்பாறைக் கரையோரத்தில் இருப்பவர்கள் கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் கேளுங்கள். ஊர் பார்க்கும் என்று தயங்கினால் முதலில் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பிள்ளையை யாராவது மிரட்டுகிறார்கள், பயன்படுத்துகிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

நான் இல்லாமல் போனால் நல்லம், என்னால் எல்லோருக்கும் கரைச்சல் என்ற பேச்சு வந்தால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய தொகை தோற்ற மறுநாளும், வீட்டாருக்குத் தெரியவந்த நாளும் ஆபத்தானவை. அன்று அவனைத் தனியே விடாதீர்கள், கடன் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

இரண்டு மாதமாக ஆடவில்லை என்கிறான். நம்பலாமா?

அவன் சொல்லை நம்புங்கள், அறிக்கையையும் எடுங்கள். மூன்று மாதத்துக்கு மாதம் ஒருமுறை, அவனுக்குத் தெரிந்தே. இடையில் ஒரு 500 போயிருந்தால் எல்லாம் முடிந்தது என்று எடுக்க வேண்டாம். 500க்குப் பிறகு நிறுத்தினானா, அன்றிரவே 1,000, 2,000 என்று போனானா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது என்றால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு விடலாம். இரண்டாவது என்றால் மனநலப் பிரிவில் அடுத்த தவணையை முன்னுக்கு எடுங்கள்.